ரேஷன் அரிசி தாழ்ந்த பண்டமா? ஒரு வீட்டு அரிசிக் கணக்கு

கேள்வி: "ஐயா, வருமானம் கூடும்போது தேவை கூடினால் இயல்புப் பண்டம், குறைந்தால் தாழ்ந்த பண்டம் என்று எங்கள் பாடநூலில் இருக்கிறது. ரேஷன் அரிசியைத் தாழ்ந்த பண்டத்துக்கு எடுத்துக்காட்டாக ஆசிரியர் சொன்னார். ஆனால் அப்பாவுக்குச் சம்பளம் கூடிய பிறகும் எங்கள் வீட்டில் மாதாமாதம் ரேஷன் அரிசி வாங்குகிறோம். அப்படியென்றால் எடுத்துக்காட்டு தவறா, எங்கள் வீடுதான் விதிவிலக்கா?"

இரண்டும் இல்லை. வாங்குவதையும் உண்பதையும் ஒன்றாக எண்ணிக்கொண்டதால் வந்த குழப்பம் இது. தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருப்பவர்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். இலவசமாகக் கிடைப்பதை யாரும் விட்டுவிட்டு வருவதில்லை. சம்பளம் கூடிய வீட்டுக்காரரும் கடைக்குப் போய் விரல் ரேகை வைத்துப் பையோடு திரும்புகிறார். அந்தப் பை வீட்டுக்குள் எங்கே போகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. சம்பளம் கூடுவதற்கு முன் அது மதியச் சோறாக இலைக்கு வந்திருக்கும். இப்போது இட்லி மாவுக்கு ஊறப்போகும், கோழிக்கு இறைக்கப்படும், மாட்டுக்குக் கஞ்சியாகும், இல்லையென்றால் உறவுக்காரர் வீட்டுக்குப் போகும். ரேஷன் கடைப் பதிவேட்டில் மாற்றமே தெரியாது. சோற்றுப் பானையில்தான் தெரியும்.

ஒரு வீட்டுக் கணக்கைச் சொன்னால் இது விளங்கும். எனக்கு நன்றாகத் தெரிந்த குடும்பம். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கணவர் சுமை தூக்கும் வேலையில் மாதம் 15,000 ரூபாய் கொண்டுவந்தார். பிறகு மனைவி அருகிலிருந்த நூற்பாலையில் வேலைக்குச் சேர, வீட்டு வருமானம் 24,000 ரூபாய் ஆனது. 60 சதவீத உயர்வு. இது ஓராண்டுக்குள் நடந்ததால் விலைவாசி பெரிதாக மாறவில்லை. அதனால்தான் இந்தக் குடும்பத்தின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். பத்தாண்டு இடைவெளியில் ஒப்பிட்டால் சம்பளம் எவ்வளவு கூடியது, விலை எவ்வளவு கூடியது, பிள்ளைகள் வளர்ந்ததால் சோறு எவ்வளவு கூடியது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். சம்பளம் 60 சதவீதம் கூடி விலைகளும் 60 சதவீதம் கூடியிருந்தால், அந்த வீட்டில் வருமானம் உயரவே இல்லை என்றுதான் பொருள்.

முதல் நிலையில் அந்த வீட்டில் மாதம் 30 கிலோ அரிசி செலவானது. 20 கிலோ ரேஷன் அரிசி, 10 கிலோ கடையில் வாங்கிய பொன்னி. ரேஷன் அரிசியில் 8 கிலோ இட்லி, தோசைக்கு. மீதி 12 கிலோ சோற்றுக்கு. ரேஷன் சோறு சீக்கிரம் குழைந்துவிடுகிறது, மாலைக்குள் வாடை வருகிறது என்று அந்த அம்மா சொல்வார். விருந்தாளி வந்த நாளிலும் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டும்போதும் மட்டும் பொன்னி உலையில் விழும். கணவனும் மனைவியும் உண்டது பெரும்பாலும் ரேஷன் சோறு.

வருமானம் கூடி ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது, மதியச் சோறு முழுக்கப் பொன்னியாகிவிட்டது. கடை அரிசி 10 கிலோவிலிருந்து 18 கிலோவுக்குப் போயிருந்தது. ரேஷன் அரிசியில் சமையலுக்குப் போனது 6 கிலோ மட்டும், அதுவும் மாவுக்காக. ஆனால் அட்டையில் வாங்கியது அதே 20 கிலோதான். மீதி 14 கிலோவில் ஒரு பகுதி மாமியார் வீட்டு மாட்டுக்குப் போனது. இன்னொரு பகுதியைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்தார்கள்.

இனி கணக்கு. அளவில் ஏற்பட்ட சதவீத மாற்றத்தை வருமானத்தில் ஏற்பட்ட சதவீத மாற்றத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் வருமான நெகிழ்ச்சி. உண்ட ரேஷன் அரிசி 20 கிலோவிலிருந்து 6 கிலோ, அதாவது 70 சதவீதம் குறைவு. 60 சதவீதத்தால் வகுத்தால் −1.17. குறி எதிராக இருப்பதால், இந்த வீட்டில் இந்த வருமான நிலையில் ரேஷன் அரிசி தாழ்ந்த பண்டம். பொன்னி 80 சதவீதம் கூடியிருக்கிறது. 60ஆல் வகுத்தால் +1.33. அது இயல்புப் பண்டம். எண் ஒன்றுக்கு மேல் போவதால், வருமானம் கூடிய வேகத்தைவிட வேகமாகக் கூடிய பண்டம். பால் தினம் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் ஆனது. 50 சதவீத உயர்வு, நெகிழ்ச்சி 0.83. அதுவும் இயல்புப் பண்டம்தான், ஆனால் ஒன்றுக்குக் கீழே நிற்கிறது. முட்டை மாதம் 30லிருந்து 60 ஆகி 1.67இல் நின்றது. உப்பு அதே ஒரு கிலோ, நெகிழ்ச்சி பூஜ்யம்.

தேர்வுக்குப் படிப்பவராக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நான் பழைய அளவை அடிப்படையாக வைத்து வகுத்தேன். பழையதற்கும் புதியதற்கும் நடுவிலுள்ள சராசரியை அடிப்படையாக வைத்தால் ரேஷன் அரிசிக்கு −1.17க்குப் பதிலாக −2.33 வரும். மாற்றம் பெரிதாக இருக்கும்போது இரண்டு முறைகளும் இப்படி விலகி நிற்கும். இயல்பா, தாழ்வா என்று முடிவு செய்வது கூட்டல், கழித்தல் குறி. எந்த முறையில் போட்டாலும் அது மாறாது.

இதுவரை பாடநூல் வழி. என் வகுப்பில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. அதே வீட்டில் 'அரிசி' என்ற பண்டம் என்ன வகை?

ரேஷனையும் பொன்னியையும் சேர்த்தால் 30 கிலோ 24 கிலோ ஆகியிருக்கிறது. 20 சதவீதம் குறைவு, நெகிழ்ச்சி −0.33. ஆக, ரேஷன் அரிசி தாழ்ந்த பண்டம், பொன்னி இயல்புப் பண்டம், இரண்டையும் சேர்த்த அரிசி மறுபடி தாழ்ந்த பண்டம். மூன்றும் ஒரே வீட்டில், ஒரே மாதத்தில். எதை ஒரு பண்டமாகக் கோடு போட்டுப் பிரிக்கிறோம் என்பதைச் சொல்லாமல் அது எந்த வகை என்று கேட்டால் விடை கிடையாது. "அரிசி இயல்புப் பண்டமா?" என்ற கேள்வியை மதிப்பெண்ணுக்காகக் கேட்கிறவர்கள் எந்த அரிசி, யார் வீட்டில் என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்து ரூபாய்க் கணக்கைப் பாருங்கள். ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. பொன்னி கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முன்பு அரிசிக்கு 600 ரூபாய் செலவானது, இப்போது 1,080 ரூபாய். செலவு 80 சதவீதம் கூடியிருக்கிறது. மளிகைச் சீட்டை மட்டும் பார்க்கிறவர், "வருமானம் கூடியதும் இந்தக் குடும்பம் அதிக அரிசி வாங்குகிறது" என்றுதான் எழுதுவார். பானையைப் பார்க்கிறவர் அரிசி குறைந்துவிட்டது என்பார். இருவர் சொல்வதும் அவரவர் பார்த்த வரையில் சரி. ஆனால் இயல்பு, தாழ்வு என்ற பிரிவினை அளவைப் பற்றியது, செலவைப் பற்றியது அல்ல. குடும்பங்கள் பணம் கூடும்போது பெரும்பாலும் 'அதிகம்' வாங்குவதில்லை, 'வேறு' வாங்குகின்றன. அதே வயிறு, அதே மூன்று வேளை. தட்டில் இருப்பதுதான் மாறுகிறது. அந்த மாற்றம் ரூபாயில் உயர்வாகவும் கிலோவில் குறைவாகவும் ஒரே சமயத்தில் தெரியும்.

கிலோவிலும் ஒரு மறைவு உண்டு. அந்த அம்மா ஆலைக்குப் போகத் தொடங்கியபின் வாரம் இருமுறை அரைத்த மாவைப் பாக்கெட்டாக வாங்கினார். வாரம் இரண்டு கிலோ, மாதத்துக்கு எட்டு கிலோ மாவு. அதில் தண்ணீரையும் உளுந்தையும் கழித்தால் ஏறக்குறைய மூன்று கிலோ அரிசி இருக்கும். அதையும் சேர்த்தால் வீட்டு அரிசி 24 அல்ல, 27 கிலோ. குறைவு 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகிறது, நெகிழ்ச்சி −0.33லிருந்து −0.17க்கு வந்துவிடுகிறது. கணவர் வேலை இடத்தில் சாப்பிட்ட பிரியாணியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. மக்கள் அரிசி உண்பதைக் குறைத்துவிட்டார்கள் என்று எங்கேயாவது படித்தால், வெளியில் சமைத்த அரிசியை எப்படிக் கணக்கில் எடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். வருமானம் ஏற ஏற உணவு வீட்டு அடுப்பிலிருந்து வெளியே நகர்கிறது. வீட்டுக் கணக்கேடு அதைப் பின்தொடர்ந்து போவதில்லை.

அந்த மாவுப் பாக்கெட்டை நான் இயல்புப் பண்டம் என்று உடனே சொல்லத் தயங்குகிறேன். முன்பு அது அந்த வீட்டில் இல்லவே இல்லை, இப்போது இருக்கிறது; வருமானமும் கூடியிருக்கிறது. பார்க்கப் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் வருமானம் கூடியதற்கும் நேரம் குறைந்ததற்கும் காரணம் ஒன்றே: அவர் வேலைக்குப் போனது. முன்பு மாலை நான்கு மணிக்குக் கிரைண்டரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், இப்போது அந்த நேரத்தில் ஆலையில் நிற்கிறார். அதே 9,000 ரூபாய் கணவரின் கூலி உயர்வாக வந்திருந்தால் பாக்கெட் மாவு வந்திருக்குமா? வந்திருக்காது என்பது என் எண்ணம். வருமானம் எவ்வளவு கூடியது என்பதோடு, யாருடைய நேரத்தைக் கொடுத்து அது கூடியது என்பதையும் கேட்காவிட்டால், நேரம் செய்த வேலையை வருமானத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

'தாழ்ந்த' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில நூல்களில் 'இழிவுப் பண்டம்' என்றுகூட இருக்கும். எனக்கு இரண்டு சொல்லும் பிடிக்கவில்லை, ஏனென்றால் இரண்டும் பொருளின் தரத்தைக் குறை சொல்வதுபோல ஒலிக்கின்றன. தாழ்வு பொருளில் இல்லை. வருமானமும் அளவும் எதிரெதிர்த் திசையில் நகர்வதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. கேழ்வரகையும் கம்பையும் பாருங்கள். நம் வானம் பார்த்த ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு முன் களியும் கூழும்தான் அன்றாட உணவு. நெல்லுச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருகிற விருந்தாளி. கையில் நாலு காசு புரண்டதும் அந்த வீடுகள் முதலில் விட்டது களியை, பிடித்தது அரிசியை. அன்று கேழ்வரகு தாழ்ந்த பண்டம், அரிசி இயல்புப் பண்டம். இன்று நகரத்தில் நல்ல சம்பளம் வாங்குகிறவர் சர்க்கரை நோய்க்குப் பயந்து அரிசியைக் குறைத்துக்கொண்டு கேழ்வரகு மாவும் தினையும் தேடி வாங்குகிறார். அவர் வீட்டில் கேழ்வரகு இயல்புப் பண்டம், அரிசி தாழ்ந்த பண்டம். தானியம் அதேதான். சத்து அன்றும் இதே அளவுதான். மாறியது வருமானமும், உடல்நலத்தைப் பற்றிய எண்ணமும்.

ஆகவே ஒரு பண்டத்துக்கு இந்த முத்திரையை நிரந்தரமாகக் குத்த முடியாது. மிகக் குறைந்த வருமானத்தில் ரேஷன் அரிசிகூட இயல்புப் பண்டமாக நடந்துகொள்ளும். அரை வயிறு உண்கிற வீட்டுக்குக் கொஞ்சம் காசு வந்தால் முதலில் முழு வயிறு உண்ணும். வயிறு நிறைந்த பிறகுதான் தேர்ந்தெடுப்பது தொடங்குகிறது. ஆனால் நம் ஊரில் இந்த முதல் கட்டத்தை ரேஷன் அரிசியில் பார்ப்பது கடினம். நான்கு பேர் குடும்பத்துக்கு 20 கிலோ என்ற வரம்பு இருப்பதால், அதற்கு மேல் தேவைப்பட்ட வீடும் 20 கிலோவோடு நிற்கும். வரம்பில் முட்டிக்கொண்டு நிற்கிற அளவு உண்மையான தேவையைக் காட்டாது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் விடைத்தாள்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஜெர்மனியைச் சேர்ந்த புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இல் ஒரு விதியைச் சொன்னார்: குடும்ப வருமானம் உயர உயர, மொத்தச் செலவில் உணவின் பங்கு குறையும். நம் நாட்டிலும் இது தெளிவாகத் தெரிகிறது. தேசிய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி கிராமப்புற இந்தியாவில் உணவின் பங்கு 1999-2000இல் 59 சதவீதத்துக்கு மேல் இருந்தது. 2022-23இல் 46 சதவீதம். அரிசி, கோதுமை போன்ற தானியங்களின் பங்கு மட்டும் 22 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது. (இந்தக் கணக்கில் இலவசமாகக் கிடைத்த தானியத்தின் மதிப்பு சேரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.) இதைப் பார்த்துவிட்டு "எனவே உணவு தாழ்ந்த பண்டம்" என்று எழுதுகிறார்கள். தவறு. பங்கு குறைவது வேறு, அளவு குறைவது வேறு. நம் குடும்பத்தின் பால் கணக்கைத் திரும்பப் பாருங்கள். வருமானம் 60 சதவீதம் கூடியபோது பால் 50 சதவீதம் கூடியது. வருமானத்தில் பாலின் பங்கு குறைந்துதான் இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் குடிக்கும் பால் கூடியிருக்கிறது. பங்கு குறைய நெகிழ்ச்சி ஒன்றுக்குக் கீழே இருந்தால் போதும். தாழ்ந்த பண்டம் என்று சொல்ல அது பூஜ்யத்துக்கும் கீழே போக வேண்டும்.

தாழ்ந்த பண்டம் என்றதும் கிஃபன் பண்டத்தைப் பற்றிக் கேட்பீர்கள். விலை ஏறினால் வாங்கும் அளவும் ஏறுகிற விந்தையான பண்டம் அது. கிஃபன் பண்டம் எல்லாம் தாழ்ந்த பண்டமே. தாழ்ந்த பண்டம் எல்லாம் கிஃபன் பண்டம் ஆகாது. பட்ஜெட்டில் பெரும் பகுதியை விழுங்குகிற முதன்மை உணவாக இருந்தால்தான் அப்படி நடக்க வாய்ப்பு. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி வாங்க மானியச் சீட்டுக் கொடுத்து ஜென்சன், மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். முடிவை 2008இல் வெளியிட்டார்கள். அரிசி மலிவானதும் அந்த வீடுகள் அரிசியைக் குறைத்தன. மிச்சமான காசில் சுவையான வேறு உணவைச் சேர்த்துக்கொண்டன. மானியம் நின்றதும் மறுபடி அரிசிக்கே திரும்பின. நம் ரேஷன் அரிசிக்கு விலையே இல்லாததால் இங்கே அந்தச் சோதனையைச் செய்து பார்க்க வழி இல்லை.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ரேஷன் கடையில் வாங்கியதை விட்டுவிட்டு, ஒரு மாதம் சமையலுக்கு எடுத்ததை அளந்து எழுதச் சொல்லுங்கள். அம்மா அரிசியை ஆழாக்கில்தான் அளந்து போடுவார். ஓர் ஆழாக்கு எத்தனை கிராம் என்று ஒருமுறை தராசில் நிறுத்துக்கொண்டால் போதும். சோற்றுக்கு எந்த அரிசி, மாவுக்கு எந்த அரிசி என்று தனித்தனிக் கோட்டில் எழுதுங்கள். வெளியில் வாங்கிய மாவும் சாப்பாடும் இன்னொரு கோட்டில். அப்பாவின் சம்பளம் கூடுவதற்கு முன் எப்படி இருந்தது என்பதை அம்மாவின் நினைவிலிருந்து கேட்டு எழுதலாம். கிலோ தவறினாலும், எந்த அரிசி எந்த வேளைக்குப் போனது என்பது அவர் நினைவில் தவறாது. தீபாவளி போனஸ் வந்த மாதத்தை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒருமுறை வரும் பணம் துணிக்கும் மிக்ஸிக்கும் போகும். அன்றாட அரிசியை அது மாற்றாது. மாதாமாதம் வரும் என்று வீடு நம்புகிற பணம்தான் உலையில் விழும் அரிசியை மாற்றும்.

நான் சொன்ன குடும்பத்தில் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஆலையில் வேலை இரண்டு மாதம் நின்றுபோனது. வருமானம் பழைய 15,000 ரூபாய்க்கே இறங்கியது. பாடநூல் விதிப்படி எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். பாக்கெட் மாவு அந்த வாரமே நின்றது, கிரைண்டர் மறுபடி ஓடியது. கணவனுக்கும் மனைவிக்கும் ரேஷன் சோறு திரும்பி வந்தது. ஆனால் பொன்னி 18 கிலோவிலிருந்து 14 கிலோவுக்குத்தான் இறங்கியது, பழைய 10க்கு இறங்கவில்லை. சின்னவன் ரேஷன் சோற்றைத் தட்டிலேயே ஒதுக்கிவிட்டான். பால் முக்கால் லிட்டரில் அப்படியே நின்றது. அந்த இரண்டு மாதமும் பால்காரரிடம் கடன் சொல்லியிருந்தார்கள்.